645 என்ற எண் எப்படிப் பிறந்தது? ஒவ்வொரு பிட்டாகப் பார்ப்போம்

மின்வெட்டு நேரத்தில் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் விளக்கெரிக்கும் 12 வோல்ட் பேட்டரியை ஆர்டுயினோ உனோ பலகையால் அளந்தேன். திரையில் 645 என்று வந்தது.

முதல் வேலை, மின்னழுத்தத்தைக் குறைப்பது. பேட்டரிப் பக்கம் 30 கிலோ ஓம், தரைப் பக்கம் 10 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்து, நடுவிலிருந்து கம்பி எடுத்தால் கால் பங்கு கிடைக்கும். 12.6 வோல்ட் 3.15 ஆகிவிடும்.

சிப் அந்த 3.15 வோல்ட்டை உள்ளே ஒரு சிறிய மின்தேக்கியில் பிடித்துவைக்கிறது. பிறகு பாட்டி தராசில் மசாலா நிறுத்ததுபோல, பெரிய எடைக்கல்லிலிருந்து தொடங்குகிறது. எளிமைக்காக 4 பிட் மட்டும் பார்ப்போம். முழு அளவு 5 வோல்ட்.

முதல் கல் பாதி அளவு, அதாவது 2.5 வோல்ட். நம்முடையது அதைவிடப் பெரியது, ஆகவே கல் தட்டிலேயே இருக்கட்டும்: 1. அடுத்த கல் 1.25. இரண்டும் சேர்ந்தால் 3.75, அதிகமாகிவிட்டது. கல்லை எடுத்துவிடு: 0. மூன்றாவது 0.625, மொத்தம் 3.125, மயிரிழையில் அடங்குகிறது: 1. கடைசிக் கல் 0.3125, மொத்தம் 3.4375, கூடாது: 0. விடை 1010, அதாவது 10.

உனோவில் 10 பிட். இதே கேள்வி இன்னும் ஆறு முறை தொடர்ந்து 1010000101 வரும், அதுதான் 645.

இந்த முறையில் எடுத்த முடிவைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மின்தேக்கி பிடித்துவைக்காமல், முதல் கேள்விக்குப் பின் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கு விழுந்தது என்று வையுங்கள். முதல் கல் தட்டிலேயே இருக்கும், மற்ற கற்கள் எல்லாம் வெளியே போகும். 3 வர வேண்டிய இடத்தில் 1000, அதாவது 8 வரும்.

நான் செய்த தவறு வேறு. பேட்டரியை மிச்சப்படுத்தலாம் என்று 3 மெகா ஓம், 1 மெகா ஓம் போட்டேன். கணக்கு அதேதான், ஆனால் எண் குறைந்தது. சிப்பின் மின்தேக்கி சுமார் 14 பிகோஃபாரட்தான். அதை நிரப்பக் கிடைக்கும் நேரம் சுமார் 12 மைக்ரோ நொடி. அவ்வளவு பெரிய மின்தடை வழியாக அதற்குள் நிரம்பாது. எல்லா முனைகளுக்கும் இதே மின்தேக்கிதான் என்பதால், முந்தைய முனையில் அளந்த மின்னழுத்தத்தின் மிச்சம் இதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து முனையைத் தரையோடு இணைத்து, முதலில் அதையும் பிறகு பேட்டரியையும் அளந்தால் எண் இறங்கும். 5 வோல்ட்டோடு இணைத்து அதேபோல் அளந்தால் ஏறும். ஏறி இறங்கினால் இதுதான் கோளாறு.

10 கிலோ ஓமுக்குள் மூலத்தின் மின்தடை இருக்கட்டும் என்று சிப்பின் விவரத்தாள் சொல்கிறது. அளக்கும் முனையிலிருந்து பார்த்தால் 30, 10 ஜோடி இணையாகச் சேர்ந்து 7.5 கிலோ ஓம் என்பதால் அது சரியாக ஓடியது. மெகா ஓம்தான் வேண்டுமென்றால், அளக்கும் முனைக்கும் தரைக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள். சிப்புக்குத் தேவையான மின்னூட்டம் அங்கிருந்து உடனே கிடைக்கும். புதிய மின்னழுத்தத்தை அது எட்ட அரை நொடிக்கு மேல் ஆகும். பேட்டரிக்கு அது பொருட்டல்ல.