இரைச்சலில் புதைந்த எதிரொலியைக் கண்டெடுத்தல்: பொருந்து வடிகட்டி செய்முறை விளக்கம்

விசுவமடுவில் ஒரு தோட்டக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விடாமல் ஒலியால் அளக்க முயன்றபோது எனக்குத் தேவைப்பட்ட கணிப்பை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கிணற்றுக் கட்டில் ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து, நாம் வடிவமைத்த குறுகிய ஒலித்துடிப்பு ஒன்றைக் கீழே அனுப்புகிறோம். அது நீரில் பட்டுத் திரும்பி வரும் நேரம் தெரிந்தால் ஆழமும் தெரிந்துவிடும். ஆனால் பக்கத்துக் கச்சான் தோட்டத்தில் வோட்டர் பம் ஓடிக்கொண்டிருந்ததால், பதிவை வரைபடமாகப் பார்த்தால் எதிரொலி எங்கே இருக்கிறதென்று கண்ணால் சொல்லவே முடியவில்லை. இத்தகைய நிலையில் நமக்குச் சாதகமாக இருப்பது ஒன்றே: தேடும் துடிப்பின் வடிவத்தை நாம் முன்னரே அறிவோம். அந்த அறிவை முழுமையாகப் பயன்படுத்தும் கருவிதான் பொருந்து வடிகட்டி. ரேடார் ஆய்வின்போது டி. ஓ. நோர்த் என்பவர் 1943 இல் இதன் கணிதத்தை எழுதினார்.

முதலில் கணினியிலேயே ஒரு செயற்கைப் பதிவை உருவாக்கிக்கொள்வோம். உண்மையான கிணற்றில் விடை பிழைத்தால் பிழை கிணற்றிலா நிரலிலா என்று தெரியாது. செயற்கைப் பதிவிலோ சரியான விடை நம் கையில் இருக்கும்.

படி 1: துடிப்பும் இரைச்சலும்

ஒரு செக்கனுக்கு 16000 மாதிரிகள் எடுப்பதாகக் கொள்வோம். நமது துடிப்பு 40 மில்லிசெக்கன் நீளமானது, அதாவது 640 மாதிரிகள். அதன் மீடிறன் 500 ஹேட்சில் தொடங்கி 2500 ஹேட்ஸ் வரை சீராக ஏறுகிறது. வீச்சம் 0.4. இரைச்சலின் நியம விலகல் 1. ஆக, துடிப்பின் உச்சமே இரைச்சலின் வழக்கமான அலைவில் பாதிக்கும் குறைவுதான். துடிப்பை 642 ஆவது மாதிரியில் தொடங்குமாறு வைக்கிறேன்.

```python
import numpy as np
fs = 16000
t = np.arange(640)/fs
s = 0.4*np.sin(2*np.pi*(500*t + 25000*t**2))
rng = np.random.default_rng(7)
x = rng.normal(0, 1, 8000)
x[642:642+640] += s
```

`x` ஐ வரைந்து பாருங்கள். 642 என்ற எண்ணை அறிந்திருந்தும் அந்த இடத்தில் வேறுபாடு எதுவும் தெரியாது.

படி 2: நேர வெளியில் தேடுதல்

துடிப்பின் பிரதி ஒன்றைப் பதிவின் மேல் வைத்து, நேருக்கு நேர் வரும் மாதிரிகளைப் பெருக்கிக் கூட்டுகிறோம். பின்னர் பிரதியை ஒரு மாதிரி தள்ளி வைத்து அதையே மீண்டும் செய்கிறோம். பிரதி உண்மையான துடிப்பின் மேல் மிகச் சரியாகப் பொருந்தும் இடத்தில் நேர் நேரோடும் மறை மறையோடும் பெருக்கப்படுவதால், 640 பெருக்கங்களும் ஒரே பக்கமாகச் சேர்ந்து பெரிய கூட்டுத்தொகையைத் தருகின்றன. இரைச்சலின் பெருக்கங்களோ சில நேராகவும் சில மறையாகவும் வந்து, பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

```python
h = s/np.sqrt(np.sum(s**2))
y = np.correlate(x, h, mode='valid')
k = np.argmax(y)
print(k, y[k])
```

முதல் வரியில் துடிப்பை அதன் சக்தியின் வர்க்கமூலத்தால் வகுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அப்படிச் செய்தால் வெளியீட்டிலும் இரைச்சலின் நியம விலகல் 1 ஆகவே இருக்கும். எந்த உயரத்தையும் இரைச்சலோடு நேரடியாக ஒப்பிடலாம். துடிப்பின் சக்தி 0.16 ஐ 320 ஆல் பெருக்க வரும் 51.2. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.16. ஆகவே உச்சம் 7.16 ஐ ஒட்டி, இரைச்சலின் தயவால் ஏறத்தாழ ஒன்று கூடியோ குறைந்தோ வரும். இடம் 642 அல்லது அதற்கு ஓரிரு மாதிரிகள் அருகில் வரும். துடிப்பை எவ்வளவு உரக்க அனுப்பினோம், எவ்வளவு நேரம் அனுப்பினோம் என்பவற்றால் அமையும் சக்தி மட்டுமே இந்த உயரத்தைத் தீர்மானிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

எவ்வளவு உயரம் இருந்தால் அதை எதிரொலி என்று நம்பலாம்? வெளியீட்டில் 7361 இடங்கள் இருக்கின்றன. இத்தனை இடங்களில் வெறும் இரைச்சலே தற்செயலாக 4 ஐத் தாண்டுவது அரிதல்ல. எல்லையை 5 என வைத்தால், முழுப் பதிவிலும் ஒரு பொய்யான உச்சம் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 500 இல் ஒன்றாகக் குறைகிறது. எதிர்பார்க்கும் 7.16 அந்த எல்லைக்கு இரண்டு நியம விலகல்களுக்கு மேல் உயரத்தில் இருப்பதால், உண்மையான எதிரொலி தவறிப்போகும் வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ ஒன்றரை மட்டுமே.

படி 3: இடத்தை ஆழமாக மாற்றுதல்

30 பாகை செல்சியசில் வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். 642 ஐ 16000 ஆல் வகுத்து, 349 ஆல் பெருக்கி, ஒலி போய் வருவதால் இரண்டால் வகுத்தால் 7.00 மீற்றர் கிடைக்கும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது 14 மீற்றர் என்று வந்தது. கிணற்றுக்காரப் பெரியவரிடம் சொன்னேன். "தம்பி, என்ர கயிறே முப்பது அடிதான். உங்கட கணக்குக்குத் தண்ணி நாப்பத்தஞ்சு அடியில எல்லோ நிக்குது?" என்று கேட்டார். நான் `np.correlate` க்குப் பதிலாக, துடிப்பைத் தலைகீழாகத் திருப்பி `np.convolve(x, h[::-1])` என்று எழுதியிருந்தேன். கணிதப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் இந்த வடிவத்தில் உச்சம் துடிப்பு தொடங்கும் இடத்தில் அன்றி, அது முடியும் இடத்தில் விழும். 639 மாதிரிகள் தள்ளி, 1281 இல் விழுந்த உச்சத்தை நான் தொடக்கமாக எடுத்துக்கொண்டதால்தான் ஆழம் இரட்டித்தது.

இதைவிட மறைவான தவறு, திருப்பவே மறந்து `np.convolve(x, h)` என்று எழுதுவது. அப்போது ஏறும் துடிப்பு ஏறும் துடிப்போடு எதிர்த்திசையில் சந்திப்பதால் கூர்மையான உச்சம் எங்கும் உருவாகாது. மீடிறன் மாறாத வெறும் தொனியை வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தத் தவறு தெரியாமலே போகலாம், ஏனெனில் அத்தகைய தொனியைத் திருப்பினாலும் ஏறத்தாழ அதே வடிவம்தான்.

படி 4: அதையே மீடிறன் வெளியில் பார்த்தல்

```python
M = 16384
X = np.fft.fft(x, M)
H = np.fft.fft(h, M)
y2 = np.fft.ifft(X*np.conj(H)).real[:7361]
```

`y2` உம் `y` உம் ஒன்றாகவே இருக்கும். பதிவின் 8000 மாதிரிகளைவிட நீளமான 16384 ஐ எடுத்ததற்குக் காரணம், பதிவை மீடிறன்களாகப் பிரிக்கும் பூரியே உருமாற்றம் அதை வட்டமாகக் கருதுவதுதான். போதிய வெற்றிடம் விடாவிட்டால் பதிவின் தலையும் வாலும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டுவிடும்.

பொருந்து வடிகட்டி என்றதும், துடிப்பு இருக்கும் மீடிறன்களை விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுக்கும் சல்லடை என்றே பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைகூட அல்ல என்பதை ஒரு சிறு சோதனையால் காணலாம். மேலே `np.conj(H)` இருக்கும் இடத்தில் `np.abs(H)` என்று இடுங்கள். இப்போது வடிகட்டி ஒவ்வொரு மீடிறனையும் முன்போல அதே அளவு பெருக்கும். அவத்தையை, அதாவது ஒவ்வொரு மீடிறனின் அலையும் எந்தக் கணத்தில் உச்சம் கொள்கிறது என்பதை, மட்டும் தொடாது. இரைச்சலின் நியம விலகலும் முன்போல 1 தான். ஆனால் உச்சம் காணாமற் போய்விடும்.

என்ன நடந்தது என்பதை வீச்சத்தை வைத்துப் பின்தொடரலாம். தொடக்கத்தில் துடிப்பின் வீச்சம் 0.4. இரைச்சல் 8000 ஹேட்ஸ் வரை பரவியிருக்கிறது. துடிப்போ 2000 ஹேட்ஸ் அகலத்தில், அதாவது நான்கில் ஒரு பங்கில் மட்டும் இருக்கிறது. சல்லடையாக மட்டும் வேலை செய்தால் இரைச்சலின் வலு நான்கில் ஒன்றாகும், அதன் அலைவு பாதியாகும். ஆகவே இரைச்சலை 1 என வைத்துப் பார்த்தால் துடிப்பு 0.8 ஆக உயர்கிறது. இன்னும் அது இரைச்சலுக்குள்ளேதான் புதைந்திருக்கிறது. 0.8 இலிருந்து 7.16 வரை, ஏறத்தாழ ஒன்பது மடங்கு, அவத்தையைத் திருத்துவதால் மட்டுமே வருகிறது. துடிப்பில் 500 ஹேட்ஸ் முதலிலும் 2500 ஹேட்ஸ் 40 மில்லிசெக்கன் பிந்தியும் வருகின்றன. `np.conj(H)` ஒவ்வொரு மீடிறனையும் அது பிந்திய அளவுக்கு முன்னே இழுத்து, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உச்சம் கொள்ள வைக்கிறது. 40 மில்லிசெக்கனில் பரவிக் கிடந்த சக்தி ஏறத்தாழ அரை மில்லிசெக்கனுக்குள் குவிகிறது. அந்த ஒன்பது மடங்கு, நேரத்தையும் மீடிறன் அகலத்தையும் பெருக்கி வரும் 80 இன் வர்க்கமூலமே. இரைச்சலின் அவத்தைகள் தாறுமாறானவை என்பதால் அவை எவ்வளவு இழுபட்டாலும் ஒழுங்குக்கு வருவதில்லை.

படி 5: உண்மையான கிணறு

கிணற்றடியில் எடுத்த பதிவில் முதலில் தெரிவது எதிரொலி அல்ல. ஒலிபெருக்கியிலிருந்து நேராக மைக்குக்கு வரும் பெரிய உச்சம். அதை நீக்க முயலாதீர்கள். அந்த உச்சத்துக்கும் எதிரொலி உச்சத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எடுத்தால், கணினி ஒலியை இயக்கத் தாமதித்த நேரம் தானாகவே கழிந்துவிடும். மாரியில் நீர் மேலே வந்து ஆழம் 2 மீற்றராகும்போது மட்டும் சிக்கல் எழும். அப்போது எதிரொலி, நேர் உச்சத்தின் பக்கச் சிற்றலைகளுக்குள் விழுந்துவிடும். துடிப்பின் இரு முனைகளையும் மெல்லத் தேய்த்து அனுப்பினால் அச்சிற்றலைகள் அடங்கும். உச்சம் சற்று அகலமாவது அதற்கான விலை.

பம்மின் இரைச்சல் இன்னொரு விடயம். இதுவரை இரைச்சல் எல்லா மீடிறன்களிலும் சமம் என்று கொண்டோம். இயந்திரம் அப்படிப் பேசாது. இதைக் கண்டறிய, துடிப்பு அனுப்பாமல் பத்துச் செக்கன் வெறும் இரைச்சலைப் பதிந்து, அதன் நியம விலகலால் வகுத்து, அதே வடிகட்டியில் இடுங்கள். வெளியீட்டின் நியம விலகல் 1 ஐ விட்டு வெகுவாக விலகினாலோ 5 ஐத் தாண்டும் உச்சங்கள் அடிக்கடி வந்தாலோ, இரைச்சல் சமமானதல்ல. அப்போது அந்தப் பதிவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மீடிறனிலும் சராசரி வலுவைக் கணித்து, `X*np.conj(H)` ஐ அந்த வலுவால் வகுக்க வேண்டும். பம் உரத்து ஒலிக்கும் மீடிறன்களுக்கு மதிப்புக் குறையும், அமைதியானவற்றுக்குக் கூடும். துடிப்பு அடங்கிய பதிவிலிருந்தே இந்த வலுவை மதிப்பிட வேண்டாம், தேடும் எதிரொலியையும் சேர்த்து அழுத்திவிடுவீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு மாதிரி என்பது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆழம். ஆனால் கிணற்றுக்குள் வளி 25 பாகையாக இருக்க நாம் 30 என்று கொண்டால், 7 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் பிழை வரும். மத்தியானத்தில் வன்னிக் கிணறுகளின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால், வெப்பமானியைக் கிணற்றுக் கட்டில் வைக்காமல், ஒரு நூலில் கட்டி நீர்மட்டத்துக்குப் பாதி வழியில் தொங்கவிட்டு, அந்த வெப்பநிலைக்குரிய கதியைப் பயன்படுத்துங்கள்.