ஓராண்டு கட்டியும் கடன் கால்வாசி குறையவில்லை: மாதத் தவணைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பலப்பிட்டியில் சிறிய தையற்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இயந்திரங்கள் வாங்குவதற்காக ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில், நான்கு ஆண்டுகளில் தீரும்படி, வங்கியொன்றில் பத்து இலட்சம் ரூபாய் கடன் எடுத்திருந்தார். பன்னிரண்டு தவணைகளைப் பிந்தாமல் கட்டிய பிறகு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மிச்சக் கடனை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று எண்ணி, நான்கில் ஓராண்டு முடிந்ததால் கால்வாசிக் கடன் போயிருக்கும், இன்னும் 750,000 ரூபாய்தான் இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு கிளைக்குச் சென்றார். அங்கே அவருக்குக் காட்டப்பட்ட கடன் மீதி ஏறத்தாழ 802,841 ரூபாய். ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தைக் கண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் வங்கியின் கணக்கு சரியாகவே இருந்தது. பிழை அவருடைய மனக்கணக்கில் இருந்தது. அதே பிழையைக் கணக்கியல் படித்தவர்களிடமும் நான் கண்டிருக்கிறேன்.

தவணை மாதாமாதம் ஒரே தொகையாக இருப்பதால், அதற்குள் இருக்கும் முதலும் வட்டியும் மாதாமாதம் ஒரே அளவில் இருக்கும் என்று எண்ணுவதுதான் அந்தப் பிழை. சமமாக இருப்பது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. குறைந்துசெல்லும் மீதியில் கணிக்கப்படும் கடனில், வட்டி என்பது அந்த மாதம் முழுவதும் நம் கையில் இருந்த வங்கிப் பணத்துக்கான வாடகை. முதல் மாதம் பத்து இலட்சமும் நம்மிடம் இருந்ததால் வாடகை மிக அதிகம். கடைசி மாதம் இருபத்தேழாயிரம் அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்பதால் வாடகை சில நூறு ரூபாய்தான். எனவே தவணையைப் பிரிக்கும்போது முதலில் கண்டுபிடிக்க வேண்டியது வட்டியை. தவணையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதே கடனின் முதலுக்கு வரவு வைக்கப்படும். இந்த வரிசையை மாற்றினால் கணக்கு குழம்பிவிடும்.

நண்பரின் கடனையே படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு வட்டி 15 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாத வட்டி 1.25 சதவீதம், அதாவது 0.0125. நான்கு ஆண்டுகளுக்குத் தவணைகள் 48. முதலை P என்றும், மாத வட்டி வீதத்தை r என்றும், தவணைகளின் எண்ணிக்கையை n என்றும் கொண்டால் மாதத் தவணை இவ்வாறு வரும்:

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
    = 1000000 × 0.0125 × 1.815354853 / 0.815354853
    = 27830.75
```

முதல் மாத வட்டி, பத்து இலட்சத்தை 0.0125 ஆல் பெருக்கக் கிடைக்கும் 12,500 ரூபாய். தவணையில் மிஞ்சும் 15,330.75 ரூபாய் முதலைக் குறைக்கிறது. அடுத்த மாத வட்டியைப் பழைய பத்து இலட்சத்தில் கணிக்காமல், இப்படிக் குறைந்த மீதியில் கணிக்க வேண்டும்.

| மாதம் | வட்டி | முதல் | மாத முடிவில் மீதி |
|---|---|---|---|
| 1 | 12,500.00 | 15,330.75 | 984,669.25 |
| 2 | 12,308.37 | 15,522.38 | 969,146.87 |
| 3 | 12,114.34 | 15,716.41 | 953,430.46 |

இப்படியே பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்தால், கட்டிய 333,969 ரூபாயில் ஏறத்தாழ 136,810 ரூபாய் வட்டிக்கும் 197,159 ரூபாய் முதலுக்கும் போயிருக்கும். கால்வாசி, அதாவது 250,000, போயிருக்கும் என்று நண்பர் எண்ணியதற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி இதுதான். (முன்கூட்டித் தீர்ப்பதற்கு ஒப்பந்தத்தில் தனிக் கட்டணம் இருந்தால் அது இதற்கு மேலாக வரும், அதைத் தவணைக் கணக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

அட்டவணை சரிதானா என்று பார்க்க எளிய வழியொன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் முதலுக்குப் போகும் தொகை, முந்தைய மாதத் தொகையின் 1.0125 மடங்காக இருக்க வேண்டும். 15,330.75 ஐ 1.0125 ஆல் பெருக்கினால் 15,522.38 வருகிறது, அதை மீண்டும் பெருக்கினால் 15,716.41. தவணை மாறாதிருக்கும்போது, வட்டியில் குறைந்த தொகை அப்படியே முதலுக்குப் போகும் தொகையில் கூடுவதால்தான் இந்தத் தொடர்பு அமைகிறது. ஒரு வரியில் இது பிசகினால், அந்த மாதத்தின் வட்டியையோ மீதியையோ தவறாக எடுத்திருக்கிறோம் என்று பொருள். மாணவர் சிலர் வட்டியைக் கடன் மீதியில் கணிக்காமல் தவணைத் தொகையில் 15 சதவீதமாகக் கணித்து, 4,175 ரூபாய் என்று எழுதிவிடுவார்கள். அட்டவணையில் அடுத்தடுத்த மாதங்களிலும் அதே வட்டி திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டு இந்தப் பிழையை உடனே அடையாளம் காணலாம்.

இனி தவணையைக் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே நேரும் தவறுகளுக்கு வருவோம். வீதமும் காலமும் ஒரே அலகில் இல்லாமல் போவது அவற்றுள் முதன்மையானது. ஆண்டு வீதத்தையும் நான்கு ஆண்டுகளையும் சூத்திரத்தில் இட்டு, வரும் ஆண்டுத் தவணையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறு செய்தால் 29,188.78 ரூபாய் வரும். இது சரியான தவணையைவிட மாதத்துக்கு 1,358 ரூபாய் அதிகம். ஆண்டு முடிவில் மட்டுமே பணம் கட்டுபவரிடம் முழுக் கடனும் ஆண்டு முழுவதும் இருக்கிறது. மாதாமாதம் கட்டுபவரிடம் அது குறைந்துகொண்டே வருகிறது. அந்த வித்தியாசம்தான் இந்த 1,358 ரூபாய். எக்செல்லில் கணிப்பவர்கள் வீதத்தையும் மாதங்களையும் இவ்வாறு சேர்த்து எழுத வேண்டும்; கடன் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இல்லாவிட்டால் விடை மறை எண்ணாக வரும், அவ்வளவுதான்.

```
=PMT(15%/12, 48, -1000000)
=IPMT(15%/12, 1, 48, -1000000)
=PPMT(15%/12, 1, 48, -1000000)
```

இவற்றில் முதலாவது தவணையையும், இரண்டாவது முதல் மாத வட்டியையும், மூன்றாவது முதல் மாதத்தில் முதலுக்குச் சேரும் தொகையையும் தரும். கையால் கணிப்பவர்கள் இடையில் வரும் அடுக்கின் பெறுமானத்தைச் சுருக்கக் கூடாது. 1.815354853 என்பதை 1.82 ஆக்கினால் தவணை 27,743.90 ஆகிவிடும், மாதத்துக்கு 87 ரூபாய் போலக் குறைவாகக் கட்டினால் 48 ஆவது மாதம் கடன் தீராது.

கொழும்பில் வாகனத்துக்கோ வீட்டுப் பொருளுக்கோ கடன் விசாரிப்பவர்களுக்கு அதிகச் சேதம் விளைவிப்பது, இரு வகை வட்டிகளை ஒன்றென எண்ணி ஒப்பிடும் தவறு. பிளாட் ரேட் எனப்படும் முறையில், முதல் எவ்வளவு குறைந்தாலும் ஆரம்பக் கடன் தொகையிலேயே கடைசிவரை வட்டி கணிக்கப்படுகிறது. ஓரிடத்தில் பிளாட் முறையில் 9 சதவீதம் என்றும், இன்னோரிடத்தில் குறைந்துசெல்லும் மீதியில் 15 சதவீதம் என்றும் சொன்னால், எவரும் முதலாவதையே தேர்ந்தெடுப்பார். பத்து இலட்சத்துக்கு நான்கு ஆண்டுகளில் 9 சதவீத பிளாட் வட்டி 360,000 ரூபாய். முதலையும் சேர்த்து 48 ஆல் வகுத்தால் தவணை 28,333.33. நண்பர் 15 சதவீதத்தில் கட்டும் தவணையோ 27,830.75. ஒன்பது என்று கேட்டது பதினைந்தைவிட விலை கூடியதாக முடிகிறது. அவர் 48 தவணைகளில் கட்டும் மொத்த வட்டி 335,876 ரூபாய். அதைப் பிளாட் கணக்கில் சொன்னால் ஆண்டுக்கு 8.4 சதவீதம்தான். மறுபுறம், 15 சதவீதத்தைப் பிளாட் முறையில் அறவிட்டால் தவணை 33,333.33 ஆகி, உண்மையான வீதம் 25 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே சதவீதத்தை மட்டும் கேட்டு வீடு திரும்புவதால் பயனில்லை. தவணைத் தொகையையும் தவணைகளின் எண்ணிக்கையையும் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றை ஒப்பிட வேண்டும்.

அட்டவணை கையில் இருந்தும், முதல் தவணையின் பற்றுச்சீட்டு அதனோடு பொருந்தவில்லை என்று சிலர் குழம்புவதுண்டு. மேலே நாம் போட்ட கணக்கு, கடன் கைக்கு வந்து சரியாக ஒரு மாதத்தில் முதல் தவணை கட்டப்படுவதாகவும், எல்லா மாதங்களும் சமநீளம் என்றும் கொள்கிறது. ஒப்பந்தத்தில் வட்டி நாட்கணக்கில் கணிக்கப்படும் என்றிருந்தால் நிலைமை மாறும். கடன் மார்ச் 10 ஆம் திகதி கிடைத்து, சம்பள நாளை ஒட்டி முதல் தவணை ஏப்ரல் 25 ஆம் திகதி வைக்கப்பட்டால் இடைப்பட்ட நாட்கள் 46. ஆண்டுக்கு 365 நாட்கள் என்று கொண்டால் வட்டி 18,904.11 ரூபாய்; அதே தவணையில் முதலுக்குச் சேர்வது 8,926.64 ரூபாய் மட்டுமே. அட்டவணையில் 15,330.75 என்று பார்த்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேலான அந்தப் பதினைந்து நாட்களும் பணம் அவரிடம்தான் இருந்தது. இத்தகைய கடன்களில் சில வங்கிகள் அந்த மேலதிக நாட்களின் வட்டியைத் தனியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. வேறு சில அதைக் கடைசித் தவணையில் சேர்த்துவிடுகின்றன. எது நடக்கும் என்பதைக் கையெழுத்திடும் முன்னரே கேட்டு வைப்பது நல்லது.

மாறும் வட்டிக் கடனில் இன்னொரு தவறு நேர்கிறது. இலங்கையில் இத்தகைய கடன்கள் பல, வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டியாக மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. வீதம் மாறும்போது புதிய தவணையைப் பழைய பத்து இலட்சத்துக்கும் 48 மாதங்களுக்கும் கணிக்கக் கூடாது. நண்பரின் கடனில் ஓராண்டுக்குப் பின் வட்டி 18 சதவீதமாக உயர்ந்தால், மிஞ்சிய 802,841 ரூபாயையும் எஞ்சிய 36 மாதங்களையும் எடுக்க வேண்டும். தவணை ஏறத்தாழ 29,025 ரூபாய் வரும். ஆரம்பத் தொகையிலிருந்து கணித்தால் 29,375 ரூபாய் என்ற பிழையான விடை கிடைக்கும்.

சதக் கணக்கு வேண்டாம் என்று தவணையை முழு ரூபாயாக்குவதிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. 27,831 என்று கட்டினால், மாதாமாதம் கூடிய கால் ரூபாய் வட்டியையும் மிச்சப்படுத்துவதால், 48 ஆவது தவணை சுமார் 16 ரூபாய் குறைவாக இருக்கும். 27,830 என்று கட்டினாலோ கடைசித் தவணைக்குப் பிறகும் ஏறத்தாழ 49 ரூபாய் நிலுவையாக நிற்கும். அதைத் தீர்க்காதவரை கடன் கணக்கு மூடப்படாது.