சியோல் மெட்ரோ: எந்த எக்ஸிட்டில் ஏறுவது என்று தேடும்போது செய்யக்கூடாதவை

சியோலில் கடை, அலுவலகம், மருத்துவமனை எதற்கு வழி கேட்டாலும் ஒரு ஸ்டேஷன் பெயரும் ஓர் எண்ணும்தான் பதிலாக வரும். “கங்னம் ஸ்டேஷன், 11-ஆம் எக்ஸிட், வெளியே வந்து நேராக” என்பார்கள். ஊரே எக்ஸிட் எண்களால் பேசுகிறது. அப்படியிருந்தும் முதல்முறை போகிறவர்கள் தவறான படிக்கட்டில் ஏறிவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எண் மட்டும் கையில் இருக்கிறது, அது சாலையின் எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை.

கங்னம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். அங்கே 12 எக்ஸிட்கள். 10-ம் 11-ம் அடுத்தடுத்த எண்கள், அதனால் எதில் ஏறினாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 10 இருப்பது கங்னம்-டேரோ சாலையின் மேற்குப் பக்கம், 11 கிழக்குப் பக்கம். நடுவில் ஓடுவது மிக அகலமான சாலை. எந்த இடத்திலும் குறுக்கே கடந்துவிட முடியாது, சிக்னல் உள்ள கடவைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். பொதுவாக அந்த ஊரில் எக்ஸிட் எண்கள் ஸ்டேஷனைச் சுற்றிக் கடிகாரச் சுற்றில் வரிசையாகப் போகும். ஆகவே, வட்டத்தில் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருந்தாலும் இடையில் ஒரு பெரிய சாலை ஓடக்கூடும். பக்கம் மாற வேண்டும் என்று தோன்றினால் மேலே ஏறுவதற்கு முன்பே, தரைக்கடியில் மாறிவிடுங்கள். அங்கே சிக்னலும் இல்லை, மழையும் இல்லை.

அடுத்த தவறு, மேப்பில் இடத்தின் புள்ளிக்கு மிக அருகில் தெரியும் எக்ஸிட்டை அப்படியே எடுத்துக்கொள்வது. கண் பார்ப்பது நேர்க்கோட்டுத் தூரம், கால் நடப்பது வேறு. நடைவழியைக் கணக்கிட்டு எக்ஸிட் எண்ணோடு சொல்லும் மேப் வேண்டும். கொரியாவில் கூகுள் மேப்ஸ் நீண்ட காலமாக நடைவழியை முழுமையாகக் காட்டியதில்லை. துல்லியமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அந்நாட்டுச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்துவது `NAVER Map` அல்லது `KakaoMap`. நேவரில் ஆங்கிலமும் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்டேஷனைச் சுற்றி எக்ஸிட் எண்கள் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால் மேப் கைகொடுக்காத நேரமும் வரும். சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளி நிலையாக நிற்காது. அந்த நேரத்தில் முகவரியே எக்ஸிட்டைச் சொல்லிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொரிய முகவரிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சாலைப்பெயர் முகவரியில், கட்டட எண் தற்செயலானது அல்ல. சாலைகள் மேற்கிலிருந்து கிழக்கும், தெற்கிலிருந்து வடக்கும் தொடங்குவதாக வைத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்திலிருந்து போகும்போது இடப்பக்கம் ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கம் இரட்டைப்படை எண்கள். 20 மீட்டருக்கு எண் இரண்டு கூடும். அதாவது எண்ணில் ஒன்று கூடினால் சாலையில் சுமார் 10 மீட்டர்.

இப்போது ஒரு திரையரங்குக்குப் போக வேண்டும், முகவரி `Gangnam-daero 438` என்று வைத்துக்கொள்ளுங்கள். கங்னம் 2-ஆம் லைன் ஸ்டேஷனின் முகவரி அதே சாலையில் 396 (தரைக்கடியில் இருப்பதால் எண்ணுக்கு முன் ‘நிலத்தடி’ என்ற கொரியச் சொல் வரும்). கங்னம்-டேரோ தெற்கிலிருந்து வடக்கே போகிற சாலை. 438 பெரிய எண், எனவே ஸ்டேஷனுக்கு வடக்கே. இரட்டைப்படை, எனவே வலப்பக்கம், அதாவது கிழக்கு. வடக்கு நோக்கிக் கிழக்குப் பக்கம் ஏறுகிற வாசல் 11. வித்தியாசம் 42, ஆகவே சுமார் 420 மீட்டர். வாசலே சந்திப்புக்குச் சற்று வடக்கே திறப்பதால் நடை அதைவிடக் குறையும். படியேறி வந்தபின் கட்டடங்களில் ஒட்டியிருக்கும் எண் தகட்டைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் சரியான திசை, இறங்கினால் உடனே திரும்புங்கள். ஒற்றைப்படை தெரிந்தால் சாலையின் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டீர்கள்.

அதே சாலையில் முகவரி 465 என்றால்? ஒற்றைப்படை, மேற்கு, எனவே 10-ஆம் எக்ஸிட் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். பக்கம் சரிதான். ஆனால் வித்தியாசம் 69, கிட்டத்தட்ட 700 மீட்டர் நடக்க வேண்டும். 465 என்பது கியோபோ டவர். அது நிற்கும் சந்திப்பிலேயே ஷின்னொன்யொன் என்ற வேறு ஸ்டேஷன் இருக்கிறது. எந்த எக்ஸிட் என்று யோசிப்பதற்கு முன் எந்த ஸ்டேஷன் என்று யோசிக்காததும் இங்கே சகஜமான தவறு. ‘கங்னமில் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ஸ்டேஷனைச் சொல்கிறார்களா, வட்டாரத்தைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. மூலைக் கட்டடம் இரண்டு சாலைகளைப் பார்த்து நிற்கும், முகவரி ஒன்றில்தான் இருக்கும். கங்னம் சந்திப்பில் கிழக்கு–மேற்காக ஓடும் சாலை கிழக்கே போகும்போது டெஹெரான்-ரோ, மேற்கே சொச்சோ-டேரோ. கண்ணுக்கு ஒரே நேர்ச்சாலை, பெயரும் எண்வரிசையும் வேறு. அப்புறம், சாலைப் பெயரோடு ஓர் எண்ணும் ‘கில்’ என்ற சொல்லும் ஒட்டி வந்தால் அது பக்கத்துச் சந்து. `Gangnam-daero 96-gil 12` என்பதில் 12 சந்துக்குள் இருக்கும் கட்டடம். அதைப் பெருஞ்சாலையின் 12-ஆம் எண் என்று எடுத்துக்கொண்டால் கிலோமீட்டர் கணக்கில் தெற்கே போய்விடுவீர்கள். ஆனாலும் 96 இரட்டைப்படை என்பதால் சந்து கிழக்குப் பக்கம் பிரிகிறது, அதுவரை உதவும்.

கேட்டில் கார்டைத் தட்டியபின் எக்ஸிட்டைத் தேடுவதும் தவிர்க்க வேண்டியது. சில பழைய ஸ்டேஷன்களில் இரு பக்கப் பிளாட்ஃபார்ம்களுக்கும் தனித்தனி கேட்கள், கேட்டுக்கு உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முடியாது. பிளாட்ஃபார்மிலேயே மஞ்சள் பலகையில் எந்த எண்கள் எந்தப் பக்கம் என்று அம்புக்குறியோடு போட்டிருப்பார்கள், இறங்கியதும் அதைப் படித்துவிடுங்கள். தவறிப்போய் வெளியே வந்துவிட்டால், சியோலின் 1 முதல் 9 வரையிலான லைன்களில் அதே ஸ்டேஷனில், அதே லைனில் 15 நிமிடத்துக்குள் திரும்ப உள்ளே போனால் மறுபடி கட்டணம் பிடிக்காது. 2023-இல் 10 நிமிடமாகத் தொடங்கி அதே ஆண்டில் 15 ஆக்கினார்கள். போக்குவரத்து கார்டுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, ஒருமுறைப் பயணச் சீட்டுக்குக் கிடையாது.

பெரிய பெட்டியோ குழந்தை வண்டியோ கூட இருந்தால் எண்ணை விட லிஃப்ட் முக்கியம். எல்லா எக்ஸிட்டிலும் லிஃப்ட் இருக்காது. இருக்கும் லிஃப்டும் சாலையில் படிக்கட்டுகளிலிருந்து சற்றுத் தள்ளி, தனிக் கூண்டாக ஏறி வரும். ஸ்டேஷன் சுவரில் உள்ள வரைபடத்தில் லிஃப்ட் குறியைப் பார்த்து, அது சாலையின் எந்தப் பக்கம் திறக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். சேருமிடம் எதிர்ப்பக்கமாக இருந்தாலும், படிக்கட்டில் 20 கிலோவைத் தூக்குவதை விட ஒரு சிக்னலில் காத்திருப்பது எவ்வளவோ மேல்.