ரப்பர் பால்வெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரப்பர் பால் மரக்கட்டைக்குள் ஊறுகிறது என்று நினைத்துக் கத்தியை அழுத்துபவர்கள் உண்டு. முதல் தவறே அதுதான். கட்டையில் ஒரு சொட்டுப் பாலும் கிடையாது. இலையில் உண்டாகும் சர்க்கரை உள்பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அங்கே வளையம் வளையமாக இருக்கும் பால்குழாய்கள் அதை எடுத்து ரப்பர் துகள்களாக மாற்றுகின்றன. சிரட்டையில் விழும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. புதுப்பட்டையையும் புதுக்குழாய்களையும் உண்டாக்குவது அதுதான். சங்கடம் என்னவென்றால், குழாய்கள் நெருக்கமாக இருப்பதும் அதை ஒட்டியே. அதனால் மேலோட்டமாகக் கீறினால் பால் உள்ளேயே நின்றுவிடும், ஆசைப்பட்டு ஆழமாக இறக்கினால் கேம்பியம் அறுபடும். கேம்பியத்துக்கு முன்னால் சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். வெட்டில் வெள்ளைக் கட்டை தெரிந்தால் கத்தி எல்லை தாண்டிவிட்டது. அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பும்போது கத்தி ஓடாது.

ஆழம் வேறு, ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டையின் தடிமன் வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். வெட்டு மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு மட்டும் சாய்வாகப் போகும்; நாள்பட நாள்பட ஒரே பக்கத்தில் கீழே இறங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழை நாளும் ஓய்வும் போக வருடத்துக்கு 150 வெட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் வருடத்துக்கு 22 சென்டிமீட்டர் சொச்சம் கரையும். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கினால் ஒரு பக்கம் ஐந்து வருடம் வரும். அப்புறம் மறுபக்கம் ஐந்து வருடம். பழைய பக்கத்துக்கு வரும்போது அங்கே பத்து வருடம் வளர்ந்த பட்டை தயாராக இருக்கும். இரண்டரை மில்லிமீட்டராகச் சீவினால் பக்கத்துக்கு மூன்று வருடம்தான். ஆறே வருடத்தில் பழைய இடத்துக்கு வந்து நிற்பீர்கள், பட்டையோ இன்னும் தேறியிருக்காது. கூடுதல் தடிமனால் பாலும் கூடாது.

பக்கம் மாற்றி வெட்டுவது என்றால் இதுதான். இரண்டு பக்கமும் சேர்த்து முழுச்சுற்று வெட்டினால் சர்க்கரை இறங்கும் வழி தடைபடும்.

தினமும் வெட்டுவதும் இதே வகைதான். வடிந்த பாலை மரம் மறுபடி உண்டாக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் முதலில் பால் நீர்த்து வழியும், அப்புறம் வெட்டின் ஒரு பகுதியில் மட்டும் கசியும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும். அப்படிக் கண்டதும் அந்த மரத்தில் வெட்டை நிறுத்தி, சில மாதம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். முழுக்க வற்றிய பக்கம் பெரும்பாலும் திரும்பாது.