பிள்ளைக்கு அறிவியல் தொடர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது. டிவிதான் ஓடும். ‘பார்ப்பதை உருப்படியாகப் பார்க்கட்டும்’ என்று அறிவியல் தொடர் தேடும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதை விரிவாகச் சொல்கிறோம். மற்றவற்றுக்கு ஓரிரு வரி போதும்.

கேள்விக்கு முன்பே பதில்

‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கி, அடுத்த மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடும் தொடர்கள்தான் தேடினால் முதலில் வந்து நிற்கும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பிள்ளை யோசிக்க இடமே இருக்காது. எட்டுக் கோள்களின் விட்டத்தையும் கடகடவென்று ஒப்பிக்கும் ஒன்பது வயதுப் பையனை, நண்பகலில் உன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான். ஒப்பிப்பதைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பெருமை என்பதால் தவறு கண்ணில் படுவதே இல்லை. எரிச்சலூட்டுவது அதுதான். இரண்டு வருடம் இப்படியே ஓடிய பிறகு, தானாகக் கேள்வி கேட்கும் பழக்கமே அவனிடம் தேய்ந்திருக்கும்.

தொடரைச் சோதிப்பது எளிது. முதல் பத்து நிமிடத்தை நீங்கள் மட்டும் பாருங்கள். கேள்வி எழும் நேரத்தையும் பதில் வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் யாராவது ஊகிக்கிறார்களா? அந்த ஊகம் எப்போதாவது பொய்க்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், அது படம் போட்ட பாடப்புத்தகம்தான்.

நல்ல தொடர் எப்படி நகரும் என்பதற்கு 1980-இல் வந்த ‘காஸ்மாஸ்’ முதல் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. எகிப்தின் சையீன் நகரில் ஜூன் 21 நண்பகலில் தூண்களுக்கு நிழலே விழுவதில்லை என்று பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் படிக்கிறார். அதே நேரத்தில் அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுகிறது. ஏன்? தொடரை வழங்கும் வானியலாளர் கார்ல் சேகன் பதிலை உடனே சொல்வதில்லை. இரண்டு குச்சி நட்ட ஒரு வரைபட அட்டையை எடுக்கிறார். அட்டை தட்டையாக இருந்தால் இரண்டு நிழலும் ஒரே அளவு. வளைத்தால்தான் ஒன்று மறைந்து மற்றது நீள்கிறது. நிழல்களின் கோண வித்தியாசம் ஏறத்தாழ ஏழு டிகிரி, அதாவது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். வகுத்தலும் பெருக்கலும் கதைக்குள்ளேயே வந்துவிடுவதால், கணக்குப் போட்டதாகவே பிள்ளைக்குத் தோன்றாது.

இந்தக் காட்சியை நம் மொட்டை மாடியிலேயே தொடரலாம். வேலூரில் நிழல் இல்லாத நாள் ஆண்டுக்கு இரண்டு முறை வரும்: ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒன்று. சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டுக்கு அல்ல. ஏப்ரலில் 12.10 தாண்டியும், ஆகஸ்டில் 12.15 தாண்டியும் வரும். பன்னிரண்டுக்கே பார்த்துவிட்டு ‘நிழல் இருக்கிறதே’ என்று இறங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு. குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் டிசம்பர் 21-இல் வடக்கே சுமார் 74 செ.மீ. நீளும். ஜூன் 21-இல் தெற்கே திரும்பி 18, 19 செ.மீ.தான் இருக்கும். தெற்கே ஏன் திரும்பியது என்பதை மட்டும் நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

வாய்ப்பாட்டுப் பாட்டு

மெட்டு மனதில் நிற்கும், எண் நிற்காது. அதற்குப் பதில், எண்களே கட்டைகளால் ஆன பாத்திரங்களாக வரும் ‘நம்பர்பிளாக்ஸ்’ தொடரைப் போடலாம். அதில் 15 என்ற பாத்திரம் தன் கட்டைகளை 1, 2, 3, 4, 5 என்று படிக்கட்டாக அடுக்கிக்கொள்ளும், பிறகு 3 வரிசை 5 கட்டையாகவும் நிற்கும். கூட்டலும் பெருக்கலும் ஒரே பதினைந்துக்குள் இருப்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. ஒரு பகுதி ஐந்து நிமிடம்தான். எட்டு வயதைத் தாண்டியவர்கள் ‘குழந்தைப் படம்’ என்று ஒதுக்கக்கூடும், வற்புறுத்த வேண்டாம்.

பாடத்திட்டத்தோடு பொருத்திப் பார்ப்பது

ஏழாம் வகுப்புப் பாடத்துக்கு ஏற்ற தொடர் என்று தேடினால் டியூஷன்தான் கிடைக்கும்.

முடிந்ததும் கேள்வி கேட்பது

கேட்காதீர்கள்.

முழுதாகப் பார்க்கவைப்பது

‘காஸ்மாஸ்’ 13 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரியவர்களுக்காக எடுத்தது, ஆங்கிலமும் நிதானமாக ஆனால் கனமாக இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நிழல் காட்சியை மட்டும் போடுங்கள். வரைபட அட்டையை வளைப்பதற்கு முன் நிறுத்தி, என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு, பிள்ளை ஏதாவது ஊகித்த பிறகு ஓடவிடுங்கள். மீதியை அது கேட்டால் போடலாம்.