பாட்காஸ்ட் எழுத்து வடிவத்திலிருந்து நேரக்குறியுடன் குறிப்பு

எபிசோடின் எழுத்து வடிவத்தை முதல் வரியிலிருந்து சுருக்க ஆரம்பிக்காதீர்கள், முதலில் பேட்டி எடுப்பவரின் கேள்விகளை மட்டும் தேடிப் பாருங்கள், ஏனென்றால் பேச்சு திரும்பும் இடம் பெரும்பாலும் ஒரு கேள்விதான். 40 நிமிடப் பேச்சுக்கு ஆறேழு தலைப்பு போதும்.

நேரம்தான் அதிகம் தவறும். வெட்டாத பதிவிலிருந்து எழுத்து வடிவம் எடுத்து, அப்புறம் முன்னால் 35 விநாடி இசை சேர்த்திருந்தால் எல்லா நேரமும் 35 விநாடி தள்ளிப்போகும். 06:10-இல் வரும் கேள்வி 06:45-க்குப் போய்விடும், அதில் இரண்டு விநாடி முன்னதாகவே குறியுங்கள், கேள்வியின் முதல் சொல் அறுபடாது.

```
00:00 அறிமுகம்
06:43 மாடித் தோட்டத்துக்கு மண் கலவை
19:53 வேர் அழுகினால் என்ன செய்வது
```

யூடியூபில் முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று தலைப்பு வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது நீள வேண்டும். இல்லையென்றால் அத்தியாயமாகப் பிரியாது.

சரி, போட்டதும் கடைசித் தலைப்பைச் சொடுக்கிக் கேளுங்கள். அறிமுகத்துக்கு அடுத்த தலைப்பு சரியாக இருந்து கடைசி மட்டும் விலகினால், நடுவில் எங்கோ வெட்டியிருக்கிறீர்கள், அந்த இடத்துக்குப் பிறகு வரும் நேரங்களை மட்டும் திருத்தினால் போதும்.