ப்ளூஸில் கேள்வி-பதில்: தேர்ந்தவரும் புதியவரும் சேர்ந்து வாசிக்கும்போது

இரண்டு கிட்டார், ஏ-யில் 12 பார் ப்ளூஸ். ஒருவர் நன்றாகத் தேர்ந்தவர். மற்றவருக்கு ஏ, சி, டி, ஈ ஃபிளாட், ஈ, ஜி என்ற ஆறு சுரங்களும் ஐந்தாம் ஃப்ரெட் பக்கம் இப்போதுதான் கைக்குப் பழகியிருக்கின்றன. ஒருவர் கேள்வி போல ஒரு சிறு துணுக்கை வாசிக்க, மற்றவர் அதற்குப் பதில் வாசிக்க, இந்த ஜோடி இப்படி மாறி மாறி வாசிக்கும்போது சொதப்பினால், காரணம் பெரும்பாலும் தேர்ந்தவர்தான் என்பேன்.

முதல் தவறு, “நீயே ஆரம்பி” என்று புதியவரை முன்னால் தள்ளுவது. வழக்கமான 12 பாரில் முதல் நான்கும் ஏ7. 5, 6 டி7. 7, 8 மறுபடி ஏ7. 9 ஈ7, 10 டி7, 11 ஏ7, 12 ஈ7. இரண்டிரண்டு பாராகப் பிரித்துத் தேர்ந்தவர் தொடங்கினால், கார்ட் மாறும் 5-6, 9-10 இரண்டும் அவர் தலையில் விழும். புதியவருக்கு வருவது 3-4, 7-8, 11-12. கடைசி பாரைத் தவிர எல்லாமே ஏ7தான், ஏ சுரத்தில் வந்து நின்றால் போதும். அந்த 12-ஆவது பாரில் மட்டும் ஈ-யில் நிற்கட்டும், அல்லது 11-இலேயே முடித்துவிட்டுச் சும்மா இருக்கட்டும். புதியவர் தொடங்கினால் எல்லாம் தலைகீழ்: கஷ்டமான இடங்கள் புதியவருக்கு, சுலபமானவை தேர்ந்தவருக்கு.

அடுத்தது, கேள்வியை இரண்டு பாரும் நிரம்ப வாசிப்பது. யோசிக்க நேரமில்லாததால் புதியவர் தாமதமாக நுழைகிறார், அவசரத்தில் அடுத்தவர் பாரையும் தின்றுவிடுகிறார். கேள்வி இரண்டாம் பாரின் முதல் பீட்டோடு முடிந்துவிட வேண்டும். மீதி மூன்று பீட்டும் மௌனம். மறைந்த ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், அந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும். அதே கணக்குதான் இங்கேயும்.

புதியவர் பக்கத் தவறு வேறு. கேட்ட சுரங்களை அப்படியே திருப்பி வாசிக்கப் பார்ப்பார், இரண்டாவது சுரத்திலேயே தொலைந்துபோவார். பிடிக்க வேண்டியது தாளத்தை. கேள்வி இப்படி என்று வைத்துக்கொள்வோம்: நாலாம் கம்பி 7-இல் ஏ, மூன்றாம் கம்பி 5-இல் சி, 7-இல் டி, பிறகு இரண்டாம் கம்பி 5-இல் நீண்ட ஈ. பதிலில் அதே தாளம், அதே முதல் மூன்று சுரங்கள். கடைசி மட்டும் ஈ-க்குப் பதில் ஏ-க்குத் திரும்புகிறது. ஒரே சுரம் மாறியதும் அது பதிலாகிவிடுகிறது. முதல் மூன்றும் மறந்துபோனாலும் பரவாயில்லை, ஏ-யை மட்டும் அதே தாளத்தில் தட்டினாலும் கேட்பவருக்குப் பதிலாகவே கேட்கும்.

அப்புறம் ஈ ஃபிளாட். ப்ளூஸ் மணம் அதில்தான் என்று கேள்விப்பட்டு, அதிலேயே போய் உட்கார்ந்துவிடுவார்கள். டி-யிலிருந்து ஈ-க்கோ, ஈ-யிலிருந்து டி-க்கோ போகிற வழியில் தொட்டுச் செல்ல வேண்டிய சுரம் அது. டி7 ஒலிக்கும்போது நீட்டினால் டி-யோடு அரைச்சுர இடைவெளியில் மோதிக் கரகரக்கும். தெரியாமல் அதில் மாட்டினால் ஒரு ஃப்ரெட் மேலேயோ கீழேயோ நகர்ந்தால் போதும்.

அப்படி மாட்டியதும் தேர்ந்தவர் நிறுத்திவிட்டுத் திருத்தத் தொடங்குவார். அதற்குள் இரண்டு பார் ஓடிப்போயிருக்கும். நிறுத்தாமல், அடுத்த கேள்வியிலேயே அந்த ஈ ஃபிளாட்டை எடுத்து ஈ-க்கு வழுக்கிக் காட்டலாம்.